சொல் குறைந்தது, நேரம் கூடியது: ஸ்லைடு நோட்ஸைத் தமிழாக்கும்போது நடக்கும் தவறுகள்

நண்பர் ஒருவரின் 20 நிமிட ஆங்கில உரைக்கான நோட்ஸைத் தமிழில் மாற்றிக் கொடுத்தேன். சொற்களை எண்ணிப் பார்த்தால் தமிழில்தான் குறைவு. நிம்மதியாக அனுப்பிவிட்டேன். ஒத்திகையில் 26 நிமிடம் ஓடியது.

நான் சொற்களை எண்ணியதுதான் தவறு. தமிழில் வேற்றுமை உருபும் துணைவினையும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் சொல் குறையும், சிலபிள் கூடும். (யாப்பு அசையைச் சொல்லவில்லை, வாயில் விழும் ஒலித்துண்டைச் சொல்கிறேன்.) ‘இஃப் த சர்வர் ஃபெயில்ஸ், வீ ரோல் பேக்’ என்பதில் 7 சொல், 8 சிலபிள். நான் எழுதியது: ‘சேவையகம் செயலிழந்தால் முந்தைய பதிப்புக்குத் திரும்பிவிடுவோம்.’ 5 சொல்தான், ஆனால் 22 சிலபிள். தமிழில் சிலபிள்கள் வேகமாக உருளும் என்பதால் நேரம் அப்படியே மூன்று மடங்கு ஆகாது, ஆனாலும் கூடும். அப்புறம் ‘சர்வர் படுத்தால் பழைய வெர்ஷன்தான்’ என்று மாற்றினேன். 11 சிலபிள். மேடையில் யாரும் ‘சேவையகம்’ என்று பேசப்போவதில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

எண்களை எழுத்தில் விரிப்பதும் இதே வகைதான். 1998 என்று விட்டால் பேச்சாளர் தன் வழக்கப்படி சொல்லிக்கொள்வார். ‘ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு’ என்று எழுதினால் அதைப் படித்தே ஆகவேண்டும்.

அதிகம் கவனிக்கப்படாத இடம் கிளிக் குறி. ஆங்கில நோட்ஸில் முதலில் [கிளிக்], உடனே ‘டேட்டாபேஸ்தான் சிக்கல்’, பிறகு காரணம் என்று வரும். தமிழில் காரணம் முன்னால் வந்துவிடுகிறது: ‘[கிளிக்] ஒவ்வொரு பக்கமும் 40 குவெரி அனுப்பியதால் டேட்டாபேஸ் திணறியது.’ குறியை நகர்த்தாமல் விட்டால், பேச்சாளர் காரணத்தைத் தொடங்கும்போதே திரையில் விடை வந்து நிற்கும். அதை ஈடுகட்ட அவர் திரும்ப விளக்குவார். அரை நிமிடம் போய்விடும். வாக்கியத்தை உடைப்பது மேல்: ‘[கிளிக்] திணறியது டேட்டாபேஸ்தான். ஒரு பக்கத்துக்கு 40 குவெரி.’

மிச்ச நேரத்தை எங்கே வெட்டுவது? எல்லா ஸ்லைடிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டினால் எல்லாமே மொட்டையாகும். ஸ்லைடிலேயே எழுதியிருப்பதை நோட்ஸ் திரும்பச் சொல்லும் இடங்களைத்தான் முதலில் எடுத்தேன். அதிலேயே இரண்டு நிமிடம் கிடைத்தது. நகைச்சுவைக்குப் பின் வரும் இடைவெளியில் மட்டும் கை வைக்கவில்லை.

எந்த ஸ்லைடு நீள்கிறது என்று பார்க்க, நோட்ஸை அச்சிட்டு வைத்துக்கொண்டு பவர்பாயின்ட்டின் Slide Show பகுதியில் Rehearse Timings போட்டு வாய்விட்டுப் படியுங்கள். மனதுக்குள் படித்தால் கணக்கு தப்பும். முடிவில் நேரங்களைச் சேமித்தால் Slide Sorter காட்சியில் ஒவ்வொரு ஸ்லைடின் கீழும் அதன் நேரம் தெரியும். குறித்துக்கொண்டதும் Use Timings டிக்கை மறக்காமல் எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் மேடையில் ஸ்லைடுகள் ஒத்திகை வேகத்திலேயே தாமாக நகரும்.