சேற்றுத் துணியும் மூன்று பொத்தான்களும்: வாஷிங் மெஷினில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிசானப் பருவ நெல் நடவு தொடங்கிவிட்டால் அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி பக்கத்து வீடுகளில் வாஷிங் மெஷினுக்கு வேலை கூடிவிடும். சேறு அப்பிய வேட்டி, சாரம், சேலை, டவுசர் எல்லாம் ஒரே நாளில் வந்து குவியும். அப்போது பலர் ப்ரீவாஷ், சோக், எக்ஸ்ட்ரா ரின்ஸ் மூன்றையும் சேர்த்து அமுக்கிவிடுகிறார்கள். எல்லாவற்றையும் போட்டால் துணி இன்னும் சுத்தமாகும் என்று நினைக்கிறார்கள். உண்மையில் ஒவ்வொன்றும் வேறு வேறு அழுக்குக்கு ஏற்பட்டது. தவறான இடத்தில் போட்டால் தண்ணீரும் கரண்டும்தான் வீணாகும், சில நேரம் துணியும் கெடும்.

ப்ரீவாஷ் என்பது ஒரு குட்டித் துவைப்பு. மெஷின் தண்ணீர் பிடித்து, கொஞ்ச நேரம் சுழற்றி, அந்த அழுக்குத் தண்ணீரை வெளியே கொட்டிவிடும். அதன் பிறகுதான் புதுத் தண்ணீர் பிடித்து உண்மையான துவைப்பைத் தொடங்கும். சோக் அப்படியில்லை. துணி சோப்புத் தண்ணீரில் ஊறும். பெரும்பாலான டாப் லோடு மெஷின்களில் அதே தண்ணீரிலேயே துவைப்பும் தொடரும். எக்ஸ்ட்ரா ரின்ஸ், துணியில் தங்கிய சோப்பை எடுப்பதற்கு. அழுக்குக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

வயல் சேற்றுக்கு எது வேண்டும் என்பது இதிலிருந்தே தெரிந்துவிடும். சேறு கரைவதில்லை. அதிலுள்ள களிமண் மிக நுண்ணிய துகள்களாகத் தண்ணீரில் மிதக்கும், அவ்வளவுதான். அந்தத் தண்ணீர் வெளியே போனால் சேறும் போகும். தண்ணீர் அசையாமல் நின்றால் துகள்கள் மெல்ல இறங்கித் துணியிலேயே படியும். ராத்திரி முழுக்க ஊறப் போட்ட வெள்ளை வேட்டி காலையில் முழுதும் மங்கிய பழுப்பாக இருப்பதற்குக் காரணம் இதுதான். அடியில் மட்டும் இருந்த சேறு வேட்டி முழுக்கப் பரவியிருக்கும். ஆகவே சேற்றுத் துணிக்கு சோக் வேண்டாம், ப்ரீவாஷ்தான்.

ஆனால் ப்ரீவாஷைச் சரியாகத் தேர்ந்தெடுத்தும் ஏமாறுகிறவர்கள் உண்டு. எங்கள் மயினி ஒருநாள், "ப்ரீவாஷ் போட்டுத்தான் துவைச்சேன், வேட்டியில பழுப்பு அப்படியே இருக்கு. மெஷின் சரியில்லையோ?" என்று கேட்டார்கள். மெஷினில் கோளாறு இல்லை. அவர்களுடையது 7 கிலோ ஃப்ரண்ட் லோடு. சோப்பு கேப்சூலைத் துணியோடு டிரம்முக்குள் போட்டிருந்தார்கள். கேப்சூல் ப்ரீவாஷ் தண்ணீரிலேயே கரைந்து, அந்தத் தண்ணீரோடு சாக்கடைக்குப் போய்விட்டது. அடுத்து வந்த நீளமான துவைப்பு முழுக்க வெறும் தண்ணீரில் நடந்திருக்கிறது. சோப்புப் பொடியை டிரம்மில் தூவினாலும் இதே கதைதான். கண்டுபிடிப்பது எளிது: தொடக்கத்தில் கதவுக் கண்ணாடியில் நுரை தெரியும், முக்கியத் துவைப்பின்போது நுரையே இருக்காது.

ஃப்ரண்ட் லோடு மெஷினின் சோப்பு டிராயரைப் பாருங்கள். பெரும்பாலும் I என்று குறித்த அறை ப்ரீவாஷுக்கு, II முக்கியத் துவைப்புக்கு, பூப் படம் போட்டது கம்ஃபோர்ட் மாதிரி வாசனைத் திரவத்துக்கு. வழக்கமாகப் போடும் பொடியில் கால் பங்கை I-லும் மீதியை II-லும் போட்டால் போதும். வெறும் சேறு, எண்ணெய்ப் பிசுக்கு இல்லை என்றால் I-ஐக் காலியாகவே விடலாம். சேற்றை அலசிவிட வெறும் தண்ணீரே போதும். லிக்விட் பயன்படுத்துகிறவர்கள் கவனிக்க வேண்டும். தடுப்புத் தகடு இல்லாத டிராயரில், ப்ரீவாஷ் ஓடும்போதே II-இல் ஊற்றிய லிக்விட் மெல்ல உள்ளே வடிந்துவிடும். அதனால் ப்ரீவாஷ் போடும் நாளில் II-க்குப் பொடியே நல்லது. தலைகீழான தவறும் நடக்கிறது: ப்ரீவாஷைத் தேர்ந்தெடுக்காமல் பொடியை I-இல் போட்டுவிட்டால், அது நனைந்து கட்டியாகி அங்கேயே கிடக்கும்.

மயினிக்குச் சொன்ன முறை இது. முதலில் சேற்றைக் காயவிட்டு உதறி, மிச்சத்தைப் பிரஷால் தேய்த்துத் தட்டிவிட வேண்டும். தட்டியும் போகாத கெட்டிச் சேற்றை வாளித் தண்ணீரில் ஒரு முறை அலசிவிடலாம். பொத்தான் இருக்கிறதே என்று சேற்றோடு உள்ளே போட்டால் மண் டிரெயின் பம்ப்புக்குப் போய் அடைத்துக்கொள்ளும். பிறகு டிரம்மில் பாதி அளவுக்கே துணி போட்டு, குளிர்ந்த தண்ணீரில் ப்ரீவாஷ், அதன்பின் 40 டிகிரியில் காட்டன் துவைப்பு. சாயம் போகும் சேலையைத் தனியாக எடுத்துவிட வேண்டும். நடவு முடியும் வரை, மெஷினின் முன்பக்கம் கீழே இருக்கும் ஃபில்டரை அடிக்கடி திறந்து மண்ணைக் கழுவிவிடுவதும் அவசியம். அடுத்த முறை அவர்களின் வேட்டியில் பழுப்பு ஏறவில்லை.

ப்ரீவாஷ் இல்லாத டாப் லோடு மெஷினிலும் இதைச் செய்யலாம். சோப்பில்லாமல் முதலில் ரின்ஸ், ஸ்பின் மட்டும் ஓடவிட்டு, அப்புறம் வழக்கமான துவைப்பைப் போடுங்கள். செமி ஆட்டோமேட்டிக் என்றால் இன்னும் சுலபம்: வெறும் தண்ணீரில் மூன்று நிமிடம் சுழற்றி, டிரெயினைத் திறந்துவிட்டுப் புதுத் தண்ணீர் பிடித்தால் அதுவே ப்ரீவாஷ்.

சோக் தேவைப்படுவது வேறு துணிகளுக்கு. சட்டைக் காலரில் ஏறிய வேர்வைப் பிசுக்கு, தலையணை உறையில் எண்ணெய், குழந்தை கக்கிய பால், ரத்தக்கறை ஆகியவை இழையோடு ஒட்டிக்கொண்டவை. இவற்றை இளக்க சோப்புக்கு நேரம் வேண்டும். என்சைம் உள்ள சோப்பில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் போதும். ரத்தமும் பாலும் சூடு பட்டால் இறுகிக்கொள்ளும் என்பதால் அவற்றைக் குளிர்ந்த தண்ணீரில்தான் ஊறவைக்க வேண்டும். பட்டுத் துணியை இப்படி ஊறவைக்கவே கூடாது. புரதக் கறையைத் தின்னும் என்சைம், பட்டு இழையையும் தின்னும்.

எக்ஸ்ட்ரா ரின்ஸ் விஷயத்தில் தாமிரபரணித் தண்ணீர் வரும் வீட்டுக்கும் போர் தண்ணீர் வீட்டுக்கும் கணக்கு வேறு. ஆற்றுத் தண்ணீர் மென்மையானது, கொஞ்சம் சோப்புக்கே பொங்கி நுரைக்கும். அங்கே பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவு முழுதையும் போட்டால் தடித்த துண்டு, ஜமுக்காளத்தில் சோப்பு தங்கும். சோப்பைக் குறைப்பதுதான் முதல் வழி. கைக்குழந்தைத் துணிக்கும், சோப்பு ஒத்துக்கொள்ளாத தோல் உள்ளவர்களின் துணிக்கும் ஒரு ரின்ஸ் கூடுதலாகப் போடலாம்.

ராதாபுரம், வள்ளியூர் பக்கம் உப்புத் தண்ணீரில் துவைத்த துணியில் வெள்ளைப் பூச்சு தெரிந்தால், உடனே சோப்பு என்று எண்ணி எக்ஸ்ட்ரா ரின்ஸ் போடுகிறார்கள். காய்ந்த துணியை ஒரு பாத்திரத்தில் நல்ல தண்ணீரில் நனைத்துக் கசக்கிப் பாருங்கள். நுரை வந்தால் சோப்பு. நுரை வராமல், வெள்ளை பட்ட இடம் எலுமிச்சைச் சாற்றுக்குக் கரைந்தால் அது தண்ணீரிலுள்ள சுண்ணாம்பு உப்பு. அதே தண்ணீரில் இன்னொரு முறை அலசுவது அந்த உப்பைக் கூட்டுமே தவிரக் குறைக்காது. மழைத் தண்ணீரோ லாரித் தண்ணீரோ கிடைத்தால் கடைசி அலசலை மட்டும் அதில் செய்யுங்கள்.

வீட்டில் உடுத்துகிற துணி, அலுவலகச் சட்டை, ஒருநாள் போட்ட பள்ளிச் சீருடை ஆகியவற்றுக்கு இந்த மூன்றில் எதுவும் தேவையில்லை. வாழைத்தார் வெட்டும்போது சட்டையில் பட்டுக் கருத்துப்போன வாழைக்கறைக்கு இவை மூன்றுமே உதவாது. களக்காட்டுப் பக்கம் வாழைத் தோப்பு வேலைக்கென்று ஒரு பழைய சட்டையைத் தனியாக வைத்துக்கொள்வதே சரியான வழி.