நிலா முகத்தோடு வரும் கார்டிசால் பற்றாக்குறை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அட்ரீனல் புறணியின் மூன்று அடுக்குகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் மாணவர்கள் சொல்லிவிடுவார்கள். வெளியே குளோமெருலோசா, அதில் அல்டோஸ்டீரோன். நடுவே ஃபாசிகுலேட்டா, அதில் கார்டிசால். உள்ளே ரெட்டிகுலாரிஸ், அதில் ஆண்ட்ரோஜன்கள். பெயர் மாறிப்போனால் ஒருமுறை திருத்தினால் போதும். பயிற்சிக் காலத்தில் நாங்கள் செய்த வேறு சில பிழைகளைத்தான் இப்போது வருபவர்களும் வார்டில் செய்கிறார்கள். அவற்றில் ஒன்று உயிரைப் பறிக்கக்கூடியது.

தோற்றத்தைப் பார்த்துக் கார்டிசால் அளவை ஊகிப்பது

மூட்டு வாதத்துக்குப் பல ஆண்டுகளாகத் தினமும் 10 மி.கி. பிரெட்னிசோலோன் எடுத்துவந்த ஒரு பெண்மணி. சர்க்கரை ஏறுகிறது என்று யாரோ சொல்ல, மாத்திரையை ஒரே நாளில் நிறுத்திவிட்டார். ஒரு வாரத்துக்குள் வாந்தி, வயிற்றுவலி, எழுந்து நின்றால் தலைசுற்றல். வரும்போது ரத்த அழுத்தம் 80/50, சோடியம் 126, பொட்டாசியம் 4.2, சர்க்கரை 62.

"அட்ரீனல் பற்றாக்குறையாக இருக்குமா?" என்று பயிற்சி மருத்துவரிடம் கேட்டேன்.

"இருக்காது சார். முகம் உருண்டையா இருக்கு, தோல் மெலிஞ்சு கன்னிப்போயிருக்கு. இது குஷிங். பொட்டாசியமும் நார்மல், உடம்பு கறுக்கவும் இல்லை."

அவர் சொன்ன அடையாளங்கள் எல்லாமே உண்மை. முடிவுதான் தலைகீழ். உருண்ட முகமும் மெலிந்த தோலும் இத்தனை ஆண்டுகள் உள்ளே போன மாத்திரையின் தடங்கள். அவை மறைய மாதக்கணக்கில் ஆகும். ரத்தத்திலிருந்த மருந்தோ நிறுத்திய ஓரிரு நாளில் தீர்ந்துவிட்டது. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்ததால் பிட்யூட்டரி ஏசிடிஹெச் அனுப்புவதைக் குறைத்துக்கொண்டது. அது இல்லாமல் ஃபாசிகுலேட்டா சுருங்கிப்போனது. மிகையின் தோற்றத்தோடு பற்றாக்குறையில் சாய்ந்துகொண்டிருக்கிறார் இந்தப் பெண்மணி.

பொட்டாசியம் ஏன் ஏறவில்லை? அடுக்குகளைப் படித்ததன் பயன் இங்கேதான். கார்டிசால் அடுக்கு ஏசிடிஹெச்சை நம்பியிருக்கிறது. வெளி அடுக்கான குளோமெருலோசாவை முக்கியமாக நடத்துபவை ஆஞ்சியோடென்சினும் ரத்தப் பொட்டாசியமும்தான். ஆகவே ஏசிடிஹெச் வற்றினாலும் அல்டோஸ்டீரோன் சுரக்கிறது, பொட்டாசியம் சிறுநீரில் வெளியேறுகிறது. சோடியம் குறைந்தது உப்பு இழப்பால் அல்ல. கார்டிசால் இல்லாதபோது ஏடிஹெச் கட்டுப்பாடின்றிச் சுரந்து தண்ணீரைத் தேக்குகிறது, சோடியம் நீர்த்துப்போகிறது.

அட்ரீனலே அழியும் அடிசன் நோயில் நிலைமை வேறு. வெளி அடுக்கும் சேர்ந்து போவதால் பொட்டாசியம் ஏறும். ஏசிடிஹெச் மிக அதிகமாகி உள்ளங்கை ரேகைகளும் வாயின் உட்புறமும் கறுக்கும். பாடநூல் படம் அது. அந்தப் படத்தோடு பொருந்தவில்லை என்று இந்தப் பெண்மணியைப் போன்றவர்களை ஒதுக்குவது இன்றும் எனக்குக் கோபமூட்டுகிறது. தினம் 5 மி.கி. பிரெட்னிசோலோன் அளவுக்கு ஒரு மாதத்துக்கு மேல் எடுத்தவர் யாராக இருந்தாலும், வாந்தியோடும் தாழ் அழுத்தத்தோடும் வந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். மாத்திரை மட்டுமல்ல, மூட்டில் போட்ட ஊசி, இன்ஹேலர், தோல் களிம்பு எல்லாவற்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

ரத்த முடிவுக்காகக் காத்திருப்பது

கார்டிசாலுக்கும் ஏசிடிஹெச்சுக்கும் ரத்தம் எடுத்த கையோடு ஹைட்ரோகார்டிசோன் 100 மி.கி. ஊசி, கூடவே சலைன்.

"பலவீனம்" என்று மட்டும் எழுதுவது

இரண்டு பக்கத்திலும் நோயாளி சொல்வது அதே சொல்தான். மிகையில் தொடையும் தோளும் தேய்கின்றன: கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியாது, ஆனால் எடை கூடியிருக்கும். பற்றாக்குறையில் உடல் முழுக்கச் சோர்வு, பசியின்மை, எடை இழப்பு. எழச் சொல்லிப் பாருங்கள், எடையைக் கேளுங்கள்.

காலைக் கார்டிசாலில் மிகையைத் தேடுவது

காலையில் நலமாக இருப்பவர்களுக்கும் அது உயர்ந்தே இருக்கும். மிகைக்கு இரவில் 1 மி.கி. டெக்சாமெத்தசோன் கொடுத்து மறுநாள் காலை அளவைப் பாருங்கள், டெசிலிட்டருக்கு 1.8 மைக்ரோகிராமுக்குக் கீழே இறங்கினால் குஷிங் பெரும்பாலும் இல்லை. காலை அளவு உதவுவது பற்றாக்குறையைத் தேடும்போது.

எல்லோருக்கும் ஃப்ளூட்ரோகார்டிசோன் எழுதுவது

அல்டோஸ்டீரோனுக்கு மாற்று அது. அடிசன் நோயாளிக்கு அவசியம். மேலே சொன்ன பெண்மணிக்கு வெளி அடுக்கு வேலை செய்கிறது, எனவே தேவையில்லை. அவருக்கு ஹைட்ரோகார்டிசோன் மட்டும் கொடுத்தோம். மறுநாள் அழுத்தம் 110/70க்கு வந்தது. பின்னர் பழைய பிரெட்னிசோலோனைத் தொடங்கி, மாதக்கணக்கில் படிப்படியாகக் குறைத்தோம்.