பூனைக்குப் பேர் 2 அசையில் போதும்

பூனைக்கு 'சிட்டி', 'டிக்கி' மாதிரி இரண்டே அசையில், இகரத்தில் முடியும் பேராக வையுங்கள். வீட்டில் யாரையாவது 'கிட்டி' என்று கூப்பிடுகிறீர்கள் என்றால் 'சிட்டி' வேண்டாம், குழம்பிவிடும்.

பேருக்கு அடுத்த நொடியே தீனி வந்தால்தான் அந்த ஒலி தனக்கானது என்று பூனை பிடித்துக்கொள்ளும். பசி நேரத்தில் இரண்டடி தள்ளி நின்று, ஒரே ஒரு தடவை பேரைச் சொல்லுங்கள். காது திரும்பியதுமே பட்டாணி அளவு வேகவைத்த கோழித் துண்டு. வேளைக்கு 5 தடவை, நாளுக்கு 2 வேளை. அது நன்றாகப் பதிந்த பிறகு அடுத்த அறையிலிருந்தும், பின் வாசலிலிருந்தும் கூப்பிடலாம். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய வீடுகளில் சிறுத்தை நடமாட்டம் உண்டு. இருட்டுவதற்குள் பூனையை உள்ளே அழைக்க இது மிகவும் உதவும்.

பதிந்ததா என்று பார்க்க, பூனை வேறு பக்கம் பார்க்கும்போது அதே தொனியில் 'தட்டு', 'கட்டி', 'பெட்டி' என்று சொல்லிவிட்டுப் பேரைச் சொல்லுங்கள். பேருக்கு மட்டும் காது அசைந்தால் தெரிந்துகொண்டது.

திட்டும்போதும், மருந்து கொடுக்கப் பிடிக்கும்போதும் பேரைச் சொல்லவே கூடாது. அப்புறம் கூப்பிட்டால் ஓடி ஒளியும். அந்த நேரத்தில் பேசாமல் போய்த் தூக்குங்கள்.

பல பூனைகளை ஒன்றாக வைத்துக் கூப்பிட்டால் யார் பேருக்கு யாருக்குத் தீனி என்றே புரியாது, தனித்தனியாகப் பழக்குங்கள். நீலக்கண் வெள்ளைப் பூனைகளில் பலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அவற்றுக்கு டார்ச் வெளிச்சத்தைத் தரையில் காட்டிப் பழக்கலாம்.