புயலுக்குப் பிறகு செல்போன் சேவை: டவர்களை எண்ணுவதில் தொடங்கும் தவறுகள்

புயல் கரையைக் கடந்த மறுநாள் காலையில் ஒரே ஒரு எண்தான் எல்லோர் வாயிலும் இருக்கும்: எத்தனை சதவீத டவர்கள் செயலிழந்து கிடக்கின்றன? 2017இல் மரியா புயல் போர்ட்டோ ரிக்கோவைத் தாக்கியபோது அது 95 சதவீதத்தைத் தாண்டியது. அப்படி ஓர் எண்ணைப் பார்த்ததும் அதை எப்படியாவது சீக்கிரம் குறைத்துவிட வேண்டும் என்ற பதற்றம் வருவது இயல்புதான். மீட்புப் பணியில் நடக்கும் பெரிய தவறுகள் பெரும்பாலும் அந்தப் பதற்றத்திலிருந்து வருபவை.

ஒரு டவர் வேலை செய்ய மூன்று விஷயங்கள் வேண்டும். டவரும் ஆன்டெனாவும் நிற்க வேண்டும், மின்சாரம் வேண்டும், டவரிலிருந்து மைய நெட்வொர்க்குக்குப் போகும் இணைப்பு வேண்டும். இதில் எது போனாலும் பட்டியலில் அது 'செயலிழந்த டவர்' என்றுதான் வரும். காரணத்தைப் பிரித்துப் பார்க்காமல் ஆட்களை அனுப்பினால், இணைப்பு அறுந்த டவருக்கு ஜெனரேட்டர் போய்ச் சேரும், மின்சாரம் இல்லாத டவருக்கு ஃபைபர் குழு போய்ச் சேரும்.

பக்கத்தில் இருப்பதை முதலில் சரிசெய்வது

ஒரு கற்பனைப் பகுதியை எடுத்துக்கொள்வோம். 40 டவர்கள். எல்லாம் ஹப் எனப்படும் ஒரே இணைப்பு மையம் வழியாகத்தான் மைய நெட்வொர்க்கோடு பேசுகின்றன. புயலில் 6 டவர்கள் சாய்ந்துவிட்டன. 26 டவர்களில் பேட்டரி தீர்ந்து மின்சாரம் இல்லை. மீதி 8 டவர்களில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனால் இணைப்பு இல்லை. ஏனென்றால் ஹப்பின் ஜெனரேட்டர் வெள்ளத்தில் மூழ்கிவிட்டது, அதற்கு வரும் ஃபைபரும் இரண்டு இடங்களில் அறுந்திருக்கிறது. கையில் இருப்பவை: ஹப்பைத் தாங்கும் அளவுக்கு ஒரு பெரிய ஜெனரேட்டர், 12 சிறிய ஜெனரேட்டர்கள், லாரியில் ஏற்றிய 3 தற்காலிக டவர்கள், ஒரு பெரிய சேட்டிலைட் இணைப்பு, இரண்டு சிறிய டிஷ்கள்.

சாலை திறந்திருக்கும் பக்கமாகப் போய் 12 டவர்களில் ஜெனரேட்டரை வைத்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். மாலைக்குள் முடித்தும் விடலாம். ஆனால் ஹப் செத்துக் கிடக்கும்வரை அந்த 12 டவர்களிலிருந்தும் ஓர் அழைப்புகூடப் போகாது. டீசல்தான் எரியும்.

முதல் வண்டி ஹப்புக்குத்தான் போக வேண்டும். பெரிய ஜெனரேட்டரும் பெரிய சேட்டிலைட் இணைப்பும் அங்கே. அது எழுந்த உடனே, யாரும் தொடாத அந்த 8 டவர்களும் குரல் அழைப்புக்கும் எஸ்.எம்.எஸ்ஸுக்கும் தயாராகிவிடும். அப்புறம் நெட்வொர்க் வரைபடத்தை விரித்துவைத்து, எந்த டவர் தனக்குப் பின்னால் இருக்கும் டவர்களுக்கு மைக்ரோவேவ் வழியே இணைப்பைக் கடத்துகிறது என்று பார்க்க வேண்டும். அப்படிப்பட்ட 3 டவர்களுக்குப் பின்னால் 11 டவர்கள் இருக்கின்றன என்றால், சிறிய ஜெனரேட்டர்களில் முதல் மூன்றும் அங்கேதான் போக வேண்டும். கடத்தும் டவர் சின்ன ஊரில் இருக்கலாம், அங்கே ஆட்களே குறைவாக இருக்கலாம். பரவாயில்லை. அடுத்து மருத்துவமனை, கட்டுப்பாட்டு அறை, நிவாரண முகாம் ஆகியவற்றுக்கு சிக்னல் தரும் டவர்கள். அதற்கும் பிறகுதான் மக்கள்தொகை அதிகமுள்ள இடங்கள்.

தற்காலிக டவர்கள் டவர் சாய்ந்த இடங்களுக்கு மட்டும்தான். அங்கும், வேறு கம்பெனியின் டவர் நின்றுகொண்டிருக்கிறதா என்று முதலில் கேட்க வேண்டும். நின்றால், அந்த நெட்வொர்க்கில் எல்லோருக்கும் ரோமிங் அனுமதிப்பது ஒரு சில மணி நேர வேலை, லாரியே தேவையில்லை. 2018 அக்டோபரில் ஃப்ளோரிடாவைத் தாக்கிய மைக்கேல் புயல் பற்றி அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் அடுத்த ஆண்டு ஓர் அறிக்கை வெளியிட்டது. சேவை திரும்பத் தாமதமானதற்கு அது சொன்ன மூன்று காரணங்களில் ஒன்று, கம்பெனிகளுக்கு இடையே போதுமான ரோமிங் ஏற்பாடு இல்லாதது.

சேட்டிலைட் இணைப்பை ஃபைபர் போல நினைப்பது

என் பார்வையில் அதிக சேதம் செய்யும் தவறு இதுதான். டவர் நிற்கிறது, சிக்னல் முழுசாகத் தெரிகிறது, ஆனால் அழைப்பு போகவில்லை. புயலில் சிக்கிய குடும்பத்துக்கு இது சிக்னலே இல்லாததைவிட மோசம். தன் கம்பெனி சிக்னல் தெரிகிறவரை போன் பொதுவாக வேறு நெட்வொர்க்கைத் தேடாது. அதாவது ரோமிங் திறந்திருந்தாலும் அந்த வீட்டுக்கு அதனால் பயன் இல்லை.

கணக்கைப் பாருங்கள். தற்காலிக டவருக்கு வந்த சேட்டிலைட் இணைப்பு 'பத்து மெகாபிட்' என்கிறார்கள். அது பெரும்பாலும் கீழே இறங்கும் வேகம். மேலே ஏறும் வேகம் 2 மெகாபிட்தான் இருக்கும். ஒரு 4ஜி குரல் அழைப்பு, அதைச் சுற்றிய தகவல் உறைகள் எல்லாம் சேர்த்து, இரண்டு பக்கமும் சுமார் 50 கிலோபிட் எடுக்கும். ஆகவே தாங்கக்கூடியது பத்து மெகாபிட்டுக்கான 200 அழைப்புகள் இல்லை, 2 மெகாபிட்டுக்கான 40 அழைப்புகள்தான். இந்த நிலையில் ஒருவர் இடிந்த வீட்டை வீடியோ எடுத்து அனுப்பினால், அந்த ஒரு வீடியோவே மேலேறும் பாதை முழுவதையும் அடைத்துவிடும்.

அதனால் டவரை இயக்குவதற்கு முன்பே குரல் அழைப்புக்கும் எஸ்.எம்.எஸ்ஸுக்கும் முன்னுரிமை வைத்து, டேட்டாவுக்கு ஓர் ஆளுக்கு இவ்வளவு என்று கடுமையான வரம்பு போட வேண்டும். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், நூற்றுக்கணக்கான போன்கள் சேர்ந்த பிறகு அதே நெரிசலான இணைப்பு வழியாகத்தான் அமைப்பை மாற்ற வேண்டியிருக்கும். அலைவரிசை அகலத்தையும் 20 மெகாஹெர்ட்ஸிலிருந்து 5க்குக் குறைத்துவைக்கலாம். பின்னால் இருக்கும் குழாய் சிறியதாக இருக்கும்போது முன்னால் பெரிய வாசல் எதற்கு? டவரைக் குன்றின் மேல் வைத்து பத்து கிலோமீட்டருக்கு சிக்னல் கொடுப்பதும் இதே தவறுதான். மருத்துவமனையைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் கொடுத்தால், அந்த 40 அழைப்புகளும் மருத்துவமனைக்கு மிஞ்சும்.

தாமதத்தையும் மறக்கக் கூடாது. புவிநிலை சேட்டிலைட் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது, குரல் ஒரு பக்கம் போகவே கால் நொடி ஆகும். பேசும் இருவருமே சேட்டிலைட் டவரில் இருந்தால் அது இரட்டிப்பாகி, ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டுவார்கள். கட்டுப்பாட்டு அறையையும் மருத்துவமனையையும் இப்படி இணைக்க வேண்டி வந்தால், ஒரு முனைக்காவது தாழ்வான சுற்றுப்பாதை சேட்டிலைட்டையோ தரைவழி இணைப்பையோ கொடுங்கள்.

டிஷ் விஷயத்தில் ஒன்று. 1.2 மீட்டர் டிஷ், சேட்டிலைட் இணைப்புகள் பயன்படுத்தும் கேயு அலைவரிசையில் பார்க்கும் கற்றையின் அகலம் ஒன்றரை டிகிரிதான். முக்கால் டிகிரி விலகினால் சிக்னல் பாதியாகிவிடும். ஊறிய மண்ணில் வைத்த முக்காலியின் ஒரு கால் கொஞ்சம் இறங்கினாலே அது நடந்துவிடும். மோடம் திரையில் சிக்னல் தரத்தைக் குறித்துக்கொண்டே வாருங்கள். மழையால் குறைந்தால், மழை விட்டதும் பழைய அளவுக்குத் திரும்பும். மழையே இல்லாமல் மணிக்கு மணி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, திரும்பாமலே இருந்தால் கால் இறங்குகிறது என்று அர்த்தம். முக்காலிக்குக் கீழே தடித்த பலகையும், கால்களில் மணல் மூட்டையும் வைத்துவிட்டு டிஷ்ஷை மறுபடி சேட்டிலைட் பக்கம் திருப்பிச் சரிசெய்ய வேண்டும்.

ஜெனரேட்டரை 24 மணி நேரமும் ஓடவிடுவது

ஒரு டவரின் மின்தேவை சுமார் 2 கிலோவாட். அங்கே வைப்பது 15 கே.வி.ஏ. ஜெனரேட்டர், அதாவது 12 கிலோவாட் தரக்கூடியது. டவருக்கு மட்டும் ஓடினால் அது தன் திறனில் ஆறில் ஒரு பங்கில்தான் ஓடுகிறது. இப்படி நாள்கணக்கில் குறைந்த சுமையில் ஓடினால் டீசல் முழுதாக எரியாது. புகைபோக்கி முனையில் கருப்பாக, எண்ணெய்ப் பசையோடு கசிவு வரத் தொடங்கும். அது தெரிந்த பிறகும் அப்படியே விட்டால் இன்ஜின் சக்தி இழந்து நின்றுவிடும்.

பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் வழி இருக்கிறது. 48 வோல்ட், 600 ஆம்பியர்-மணி பேட்டரி தொகுப்பு அந்த டவரைப் பத்து, பதினொரு மணி நேரம் தாங்கும். ஜெனரேட்டர் ஓடும்போது டவரோடு சேர்த்து பேட்டரியையும் சார்ஜ் செய்தால் சுமை 5 கிலோவாட்டுக்கு ஏறும், இன்ஜினுக்கும் அது நல்லது. ஏழெட்டு மணி நேரத்தில் பேட்டரி நிறைந்ததும் ஜெனரேட்டரை நிறுத்திவிடலாம். இப்படி மாற்றி மாற்றி ஓட்டினால் ஒரு நாளைக்கு 40 லிட்டருக்குப் பதில் சுமார் 25 லிட்டரில் முடியும். 100 லிட்டர் டாங்க் இரண்டரை நாளுக்குப் பதில் நான்கு நாள் வரும். பாதி சாலைகள் மூடிக்கிடக்கும்போது, டீசல் வண்டி ஒரு டவருக்கு நான்கு நாளைக்கு ஒருமுறை போனால் போதும் என்பது பெரிய விஷயம். ஜெனரேட்டரை அனுப்பும்போதே அடுத்த டீசல் எந்த வண்டியில், எந்த நாளில் வரும் என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

வெள்ளம் பார்த்த டாங்க் என்றால், ஊற்றுவதற்கு முன் அடித்திருகைத் திறந்து கொஞ்சம் டீசலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து, சற்று நேரம் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக நிற்கும். கோடு தெரிந்தால் அந்த டீசல் வேண்டாம்.

இன்னொன்று உயிர் சம்பந்தப்பட்டது. மின்கம்பியிலிருந்து டவரைத் துண்டிக்கும் மாற்றுச் சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டரை நேராக இணைத்தால், மின்சாரம் எதிர்த்திசையில் கம்பிக்கு ஏறும். மின்மாற்றி அதை உயர் அழுத்தமாக்கிவிடும். அந்தக் கம்பியில் வேலை செய்பவர் அது செத்த கம்பி என்று நம்பித்தான் கை வைப்பார்.

ஃபைபர் வந்ததும் எல்லாவற்றையும் கழற்றிவிடுவது

மைக்கேல் புயலின்போது ஒட்டிச் சரிசெய்த ஃபைபர்களைக் குப்பைகளை அகற்றிய குழுக்களும் மின்கம்பம் நட்ட குழுக்களும் மறுபடி மறுபடி அறுத்தார்கள். அந்த அறிக்கை சொன்ன இன்னொரு காரணம் இந்த ஒருங்கிணைப்புக் குறைதான். சாலை சீர்செய்பவர்கள் கையில் ஃபைபர் செல்லும் பாதையின் வரைபடம் முதல் நாளே இருக்க வேண்டும். பள்ளம் தோண்டும் இயந்திரம் எந்தத் தெருவில் இறங்கப்போகிறது என்று முந்தைய நாள் மாலையே ஃபைபர் குழுவுக்குத் தெரிய வேண்டும்.

எனவே ஹப்புக்கு ஃபைபர் திரும்பிய அன்றே சேட்டிலைட்டை வேறு இடத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். இரண்டாவது ஃபைபர் பாதையும் வரும்வரை, அல்லது ஹப்பைச் சுற்றிச் சாலைப் பணி முடியும்வரை, அது அங்கேயே காத்திருக்கட்டும். தற்காலிக டவர்களுக்கு இதற்கு நேர்மாறு. பக்கத்து நிரந்தர டவர் எழுந்ததும் இரண்டும் ஒரே அலைவரிசையில் ஒன்றையொன்று கெடுக்கும், சிக்னல் நன்றாகத் தெரிந்தும் அழைப்புகள் பாதியில் அறுந்துபோகும். அன்றைக்கே தற்காலிக டவரை நிறுத்திவிட்டு, இன்னும் எதுவும் எழாத அடுத்த ஊருக்கு லாரியை அனுப்பிவிடலாம்.