"இந்த வேலைக்கு உங்கள் தகுதி அதிகம்" என்ற தயக்கத்துக்கு மின்னஞ்சலிலேயே பதில்

ஊரில் கணக்குப் பிரிவு மேலாளராக இருந்த ஒருவர், குடிபெயர்ந்து வந்த நாட்டில் கணக்கு உதவியாளர் வேலைக்கு விண்ணப்பிக்கிறார். ரெஸ்யூமேயைப் பார்க்கும் ரெக்ரூட்டருக்கு மூன்று கேள்விகள் எழும். இவர் எத்தனை மாதம் நிலைப்பார்? இந்தச் சம்பளத்துக்கு ஒத்துக்கொள்வாரா? அனுபவத்தில் தன்னைவிடக் குறைந்தவரின் கீழ் வேலை செய்வாரா? ஏஜென்சி வழியாக ஆள் எடுத்தால் முதல் கேள்வி இன்னும் கனக்கும். சேர்ந்தவர் சீக்கிரம் விலகினால் வேறு ஆளைத் தர வேண்டும், இல்லையேல் கட்டணத்தில் ஒரு பங்கைத் திருப்ப வேண்டும் என்று பல ஒப்பந்தங்களில் இருக்கும். நேர்முகத்தில் விளக்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டால், நேர்முகத்துக்கான அழைப்பே வராமல் போகலாம்.

அதனால் பதிலை மின்னஞ்சலின் உடலிலேயே எழுதுங்கள். இணைப்பை அவர் திறக்காமலும் போகலாம். முதல் பத்தியில் எந்த வேலை, அதில் கேட்ட எந்தப் பணிகளை நீங்கள் கையால் செய்திருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். இரண்டாம் பத்தி அந்த மூன்று கேள்விகளுக்கு. நாலைந்து வாக்கியம் போதும். மேலே சொன்னவர், விளம்பரம் வந்த மொழியில், இப்படி எழுதலாம்:

"கடைசியாக எட்டுப் பேர் கொண்ட கணக்குப் பிரிவை நடத்தினேன். இப்போது தேடுவது பில் சரிபார்ப்பும் வங்கிக் கணக்கு ஒப்பீடும் நேரடியாகச் செய்யும் வேலை. இந்நாட்டு வரி விதிகளை அன்றாட வேலையிலேயே கற்க விரும்புகிறேன். விளம்பரத்தில் உள்ள சம்பளம் எனக்குச் சம்மதம். பிரிவுத் தலைவரின் கீழ் வேலை செய்வதை அறிந்தே விண்ணப்பிக்கிறேன்."

மூன்று கேள்விக்கும் இதில் பதில் இருக்கிறது. ஆனால் "தகுதி அதிகம்" என்ற சொல்லே இல்லை. அதை நீங்களே எடுத்துக் கொடுக்க வேண்டாம். விளம்பரத்தில் சம்பளம் போடவில்லை என்றால், "இந்தப் பணிக்குரிய சம்பள வரம்பு எனக்குச் சம்மதம்" என்று எழுதினால் போதும்.

பலர் சறுக்குவது காரணம் சொல்லும் இடத்தில்தான். "எந்த வேலையும் செய்யத் தயார்" என்றால் இந்த வேலை வேண்டும் என்று பொருள்படாது. "உள்ளூர் அனுபவம் கிடைத்தால் போதும்" என்றால், கிடைத்ததும் போய்விடுவார் என்றே படிக்கப்படும். விசா, குடும்பம், கடன் பற்றிய விளக்கமும் இங்கே தேவையில்லை. இரண்டு வருடம் இருப்பேன் என்ற வாக்குறுதியை, உண்மையிலேயே அப்படி நினைத்தால் மட்டும் எழுதுங்கள்.

அனுப்பும் முன் ரெஸ்யூமேயின் தலைப்பு வரியைப் பாருங்கள். அதில் "தலைமைப் பொறுப்பைத் தேடும் நிதி மேலாளர்" என்று இருந்தால், மின்னஞ்சலில் சொன்னது அங்கேயே பொய்யாகிவிடும். லிங்க்ட்இன் பக்கத்துக்கும் இதே கதி. பட்டத்தையோ பதவியையோ மறைக்காதீர்கள், சரிபார்ப்பில் வெளிவந்தால் வேலையே போகலாம். பணி விவரத்தில் வரிசையை மட்டும் மாற்றுங்கள்: கையால் செய்த கணக்கு வேலை மேலே, ஆட்களை நிர்வகித்தது கீழே ஒரே வரியில்.