வேகாத துவரம் பருப்பும் ஒரு சிட்டிகை சோடாவும்

வீடு மாறிய பிறகு எங்கள் துவரம் பருப்பு வேகவே இல்லை. குக்கரில் ஆறு விசில் விட்டும், விரலால் நசுக்கினால் நடுவில் கெட்டியாக ஒரு பொட்டு நின்றது. பழைய பருப்போ என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் அதே பருப்பில் ஒரு பிடியைக் குழாய்த் தண்ணீரிலும் இன்னொரு பிடியை வடிகட்டிய குடிநீரிலும் தனித்தனியாக வேகவைத்தேன். குடிநீரில் போட்டது குழைந்துவிட்டது. அப்படியென்றால் குற்றம் தண்ணீரில்தான். கொதிகெண்டியின் அடியில் படிந்திருந்த வெள்ளைப் படலமும் அதைத்தான் சொன்னது.

பருப்பின் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பசை பெக்டின். சாதாரணமாக வேகும்போது அது கரைந்து, செல்கள் பிரிந்து, பருப்பு மசியும். எங்கள் குழாய்த் தண்ணீர் போன்ற கடினநீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் அந்தப் பெக்டின் இழைகளைக் குறுக்கே பிணைத்து இறுக்கிவிடுகின்றன. அதனால் எவ்வளவு கொதித்தாலும் பிடி தளராது.

சமையல் சோடா தண்ணீருக்குச் சற்றுக் காரத்தன்மை தருகிறது, அதாவது அமிலத்துக்கு எதிரான தன்மை. அந்தத் தன்மையில் பெக்டின் இழைகள் சீக்கிரம் அறுபடும். சோடாவின் சோடியம் கால்சியத்தின் இடத்தையும் ஓரளவு பிடித்துக்கொள்ளும். ஒரு கப் பருப்புக்கு நான் போடுவது கால் டீஸ்பூனில் பாதி. மூன்றே விசிலில் மசிந்தது.

ஒருமுறை அரை டீஸ்பூன் போட்டேன். நுரை பொங்கியது, சோப்பு வாடை வந்தது, பருப்பு கூழாகிவிட்டது. அளவு மீறினால் தயமின் என்ற பி1 வைட்டமினும் கூடுதலாக அழியும். புளிப்பு எதுவானாலும் பருப்பு வெந்த பிறகே சேர்க்கிறேன். அமிலம் பெக்டினைக் கரையவிடாது.