ஆடிட் பாராவுக்குப் பதில் எழுதுவது எப்படி? பொதுக் கணக்குக் குழு வரை போன ஒரு பாராவின் கதை

மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். எங்கள் பிரிவுக்கு வந்த ஒரு தணிக்கைப் பத்திக்கு நான் எழுதிய பதில் மூன்று முறை திரும்பி வந்தது. நான்காவது முறைதான் ஏற்றார்கள். முதல் முறையாக இந்த வேலை கையில் வந்திருப்பவர்களுக்கு அந்த அனுபவத்திலிருந்து இதை எழுதுகிறேன். அலுவலகத்தைக் கண்டுபிடிக்க முடியாதபடி தேதிகளையும் தொகைகளையும் மாற்றியிருக்கிறேன். வழிமுறையில் எதையும் மாற்றவில்லை.

தணிக்கைக் குழு அலுவலகத்துக்கு வந்து மெமோ கொடுப்பது, அது ஆய்வறிக்கையில் பத்தியாக ஏறுவது எல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆய்வறிக்கையில் கனமான பத்தி எதுவோ, அது டிராஃப்ட் பாராவாகி அமைச்சகச் செயலருக்குப் போகும். பதில் சொல்ல ஆறு வாரம். அந்தப் பதிலையும் சேர்த்தோ, பதிலே வராமலோ, அது இந்தியக் கணக்கு மற்றும் தணிக்கைத் தலைவரின் அறிக்கையில் அச்சேறி நாடாளுமன்றத்தில் வைக்கப்படும். நம் வேலை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

படி 1: கெடு எப்போது தொடங்குகிறது என்று பாருங்கள்

அறிக்கை அவையில் வைக்கப்பட்ட நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள், பத்தியின் மேல் துறை என்ன செய்தது என்று சொல்லும், தணிக்கைத் துறை சரிபார்த்த நடவடிக்கைக் குறிப்பு போய்ச் சேர வேண்டும். இது நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு 1997-இல் தன் அறிக்கை ஒன்றில் வைத்த கெடு. குழு உங்கள் பத்தியை விசாரணைக்கு எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் இது பொருந்தும். "குழு கூப்பிட்டால் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஃபைலை ஓரமாக வைக்கிறவர்கள் தடுமாறும் இடம் இதுதான். ஓர் ஆண்டில் குழு எடுத்துக்கொள்வது சில பொருள்களை மட்டுமே. மீதிப் பத்திகளுக்கு இந்தக் குறிப்புதான் துறை தரும் ஒரே கணக்கு.

"சரிபார்த்த" என்ற சொல்லைக் கவனியுங்கள். நான்கு மாதத்தில் தணிக்கை அலுவலகத்துக்குப் போய்த் திரும்பும் நாள்களும் அடங்கும். அதனால் முதல் வரைவை ஆறாவது வாரத்துக்குள் அனுப்பிவிடுவேன்.

படி 2: பத்தியை நான்காகப் பிரியுங்கள்

எங்கள் பத்தி இது. ஆய்வகம் ஒன்றுக்கு 62.40 லட்சம் ரூபாயில் சோதனை இயந்திரம் வாங்கினார்கள். 2019 டிசம்பரில் இயந்திரம் வந்து இறங்கியது. வைக்க அறை இல்லை, மும்முனை மின் இணைப்பும் இல்லை. 2022 ஆகஸ்டில் தணிக்கைக் குழு வந்தபோது பெட்டி பிரிக்கப்படாமலே 32 மாதம் ஆகியிருந்தது. இரண்டு ஆண்டு உத்தரவாதக் காலமும் 2021 டிசம்பரில் முடிந்திருந்தது.

எந்தத் தணிக்கைப் பத்தியிலும் நான்கு கேள்விக்கு விடை இருக்கும். எந்த விதி? என்ன நடந்தது? ஏன் நடந்தது? விளைவு என்ன? எங்கள் பத்தியில் விதி, பொது நிதி விதிகள் 2017-இன் 21-ஆம் விதி. சொந்தப் பணத்தைச் செலவழிக்கும்போது ஒரு சாதாரண மனிதர் காட்டும் கவனத்தை அரசுப் பணத்திலும் காட்ட வேண்டும் என்பது அதன் சாரம். நடந்தது, இயந்திரம் முடங்கியது. காரணம், இடம் தயாராகுமுன் ஆர்டர் போட்டது. விளைவு, முதலீடு பயனின்றிக் கிடந்ததும் உத்தரவாதம் வீணானதும்.

இந்த நான்கில் எதை நீங்கள் மறுக்கிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். நான் அதைச் செய்யவில்லை. "இயந்திரம் 2023 பிப்ரவரி முதல் இயங்குகிறது, எனவே அரசுக்கு இழப்பு இல்லை" என்று எழுதி அனுப்பினேன். பத்தி இழப்பு என்று சொல்லவே இல்லை. பயனின்றி முடங்கிய முதலீடு என்றுதான் சொன்னது. கேட்காத கேள்விக்குப் பதில் எழுதியிருந்தேன். முதல் முறை திரும்பியது அதனால்தான்.

படி 3: பழைய பதில்கள் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள்

என்னை அதிகம் அலைக்கழித்த படி இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இரண்டாவது வரைவில், தாமதத்துக்குக் கொரோனா ஊரடங்கு காரணம் என்று எழுதினேன். அது பொய்யல்ல. ஆனால் தணிக்கை மெமோவுக்கு அலுவலகம் 2022-இலேயே ஒரு பதில் கொடுத்திருக்கிறது: "அறை கட்டிய ஒப்பந்ததாரரின் தாமதம்." டிராஃப்ட் பாராவுக்கு அமைச்சகம் தந்த பதிலோ, "மின் இணைப்பு கிடைக்கவில்லை." ஒரே தாமதத்துக்கு மூன்று காரணம். தணிக்கை அலுவலகம் மூன்றையும் அடுத்தடுத்து மேற்கோள் காட்டி, எது சரி என்று ஒரே வரியில் கேட்டிருந்தது.

பிறகுதான் பொறுமையாக உட்கார்ந்து தேதிகளை வரிசைப்படுத்தினேன். இயந்திரம் வந்தது 2019 டிசம்பர். ஊரடங்கு 2020 மார்ச் கடைசியில். இடையில் மூன்று மாதம் அறைக்கு டெண்டரே விடவில்லை. அது எங்கள் தவறு. டெண்டர் விட்டது 2020 நவம்பர். அறை முடிந்தது 2021 ஜூலை. மின் இணைப்புக்கு விண்ணப்பித்தது 2021 செப்டம்பர். அறை கட்டும்போதே விண்ணப்பித்திருக்கலாம். இணைப்பு வந்தது 2023 ஜனவரி. இயந்திரம் இயங்கத் தொடங்கியது பிப்ரவரி. மொத்தம் 38 மாதம். முன்பு சொன்ன மூன்று காரணங்களும் ஓரளவு உண்மைதான். ஆனால் ஒவ்வொன்றும் அந்த 38 மாதத்தில் ஒரு துண்டுக்கு மட்டுமே பொருந்தும். எந்தத் துண்டுக்கு எது என்று முன்பு யாரும் பிரித்துச் சொல்லவில்லை.

இதற்கு வேர்டு வேண்டாம், எக்செல் போதும் என்பது என் உறுதியான கருத்து. ஒரு வரிக்கு ஒரு நிகழ்வு. நான்கு நெடுவரிசை: தேதி, நடந்தது, ஆதாரக் கடிதத்தின் ஃபைல் பக்க எண், இதைப் பற்றி முன்பு நாம் சொன்ன பதில். கடைசி நெடுவரிசைதான் உயிர். வேர்டில் எழுதும்போது வாக்கியத்தின் ஓட்டம் இடைவெளிகளை மறைத்துவிடும். எக்செல்லில் எட்டு மாதம் வெற்றாகக் கிடந்தால் கண்ணில் குத்தும்.

படி 4: குறிப்பை எழுதுங்கள்

ஏற்பதை முதல் வரியிலேயே ஏற்றுவிடுங்கள். மூன்றாவது வரைவில் நான் எழுதியது இப்படி:

"இடமும் மின் இணைப்பும் உறுதியாகுமுன் கொள்முதல் செய்யப்பட்டது என்ற தணிக்கையின் கூற்று ஏற்கப்படுகிறது. 38 மாதத் தாமதத்தின் காலவாரி விவரமும் காரணமும் இணைப்பு 1-இல் உள்ளன. மெமோவுக்கும் டிராஃப்ட் பாராவுக்கும் முன்பு தரப்பட்ட காரணங்கள் தாமதத்தின் ஒரு பகுதியை மட்டும் விளக்கின."

கடைசி வாக்கியத்தை எழுத மேலதிகாரி தயங்கினார். அதை நாம் சொல்லாவிட்டால் தணிக்கை சொல்லும் என்று விளக்கிய பிறகு கையெழுத்திட்டார்.

அப்புறம் மூன்று விஷயம் தனித்தனியாக வர வேண்டும்: நடந்ததைச் சரிசெய்தது, பொறுப்பு யாருடையது என்று பார்த்தது, மறுபடி நடக்காமல் செய்தது. மூன்றாவதற்கு "எதிர்காலத்தில் கவனமாக இருக்க அறிவுறுத்தப்பட்டுள்ளது" என்று எழுதாதீர்கள். என் மூன்றாவது வரைவு திரும்பியது அந்த ஒரு வரிக்காக. நான்காவதில், இடம் தயார் என்ற சான்றும் மின் இணைப்பு ஒப்புதலும் இல்லாமல் கொள்முதல் ஃபைலை நகர்த்தக் கூடாது என்ற சுற்றறிக்கையை எண், தேதியோடு இணைத்தேன். அது நின்றது.

படி 5: வெட்டிங் என்றால் என்ன, என்னவல்ல

வரைவு தணிக்கை அலுவலகத்துக்குப் போய் அவர்கள் கருத்தோடு திரும்பும். அலுவலகத்தில் இதை வெட்டிங் என்போம். தணிக்கை உங்களோடு உடன்பட்டுவிட்டது என்று இதற்குப் பொருளில்லை. நீங்கள் சொன்ன தேதிகளும் தொகைகளும் ஆவணத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கிறார்கள், அவ்வளவுதான். வாதத்தில் கருத்து வேறுபாடு இருந்தால் அது அவர்கள் குறிப்பில் நிற்கும். அதற்கும் உங்கள் பதிலை எழுதிச் சேர்த்து அனுப்பலாம்.

இறுதிக் குறிப்பு நிதி அமைச்சகச் செலவினத் துறை தணிக்கைப் பத்திகளைக் கண்காணிக்கும் APMS தளம் வழியாகப் போகும். ஸ்கேன் செய்யும்போது எழுத்தைத் தேடக்கூடிய PDF-ஆகச் செய்யுங்கள். படமாக ஏற்றிவிட்டால், பின்னால் குழுவின் கேள்விக்கு ஒரு தேதியைத் தேட அரை நாள் போகும்.

படி 6: குழு எடுத்துக்கொண்டால்

பொதுக் கணக்குக் குழுவில் மக்களவையிலிருந்து 15 பேரும் மாநிலங்களவையிலிருந்து 7 பேரும் இருக்கிறார்கள். அமைச்சர் யாரும் உறுப்பினராக முடியாது. 1967 முதல் தலைவர் எதிர்க்கட்சியிலிருந்து வருவது மரபு. அப்படி வந்த முதல் தலைவர் மினூ மசானி.

குழு முதலில் எழுத்துவழிக் கேள்விப் பட்டியல் அனுப்பும். உங்கள் குறிப்பையும் தணிக்கைத் தலைவரின் விளக்கத்தையும் பக்கத்தில் வைத்துத்தான் அது தயாராகும். நேரில் சாட்சியம் சொல்வது அமைச்சகச் செயலர், அமைச்சரை அழைப்பதில்லை. இந்தக் கொள்கை சரியா என்ற விவாதத்துக்குள் குழு பொதுவாகப் போகாது. ஒதுக்கிய பணம் ஒதுக்கிய காரியத்துக்கு, விதிப்படி, பயன் தரும்படி செலவானதா என்று கேட்கும். செயலருக்குத் தயார் செய்யும் கோப்பில் நான் முதல் பக்கமாக வைப்பது அந்த எக்செல் பட்டியலைத்தான். கூட்டத்தில் விடை தெரியாத கேள்விக்கு "எழுத்தில் தருகிறோம்" என்று சொல்லலாம். சொன்னதைக் கெடுவுக்குள் தந்துவிடுங்கள்.

படி 7: குழுவின் அறிக்கை வந்த பிறகு

பரிந்துரைகளுக்கு ஆறு மாதத்தில் பதில் தர வேண்டும். அந்தப் பதில்களை வைத்துக் குழு இன்னொரு அறிக்கை வெளியிடும். அதில் ஐந்து அத்தியாயம். முதலாவது குழுவின் கருத்து. இரண்டாவது அரசு ஏற்ற பரிந்துரைகள். மூன்றாவது, பதிலைப் பார்த்தபின் குழு மேலே வற்புறுத்த விரும்பாதவை. நான்காவது, பதிலை ஏற்காமல் குழு மீண்டும் வலியுறுத்துபவை. ஐந்தாவது இடைக்காலப் பதில் மட்டும் வந்தவை.

நீங்கள் எழுதும் வாக்கியமே உங்கள் அத்தியாயத்தைத் தீர்மானிக்கிறது. "நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது" என்றால் ஐந்து. ஏற்கிறோம் என்று சொல்லி ஆணை எண்ணையும் தேதியையும் தந்தால் இரண்டு. ஏற்க முடியாவிட்டால், ஏன் என்று ஆவணத்தோடு சொல்லுங்கள். மூன்றாவதில் இடம் கிடைக்கலாம். பழைய வாதத்தையே திரும்ப எழுதினால் பெரும்பாலும் நான்குதான்.

பின்சேர்க்கை 1: வழக்கு நிலுவையில் இருந்தால் பதில் தராமல் இருக்கலாமா என்று இருவர் கேட்டிருந்தார்கள். கூடாது. வழக்கு எண், எந்த நீதிமன்றம், எந்தக் கட்டம் என்று எழுதுங்கள். எங்கள் பத்தியில் ஒப்பந்ததாரரின் அபராதத் தொகை மட்டுமே வழக்கில் இருந்தது. டெண்டர் ஏன் தாமதமானது என்பதற்கும் வழக்குக்கும் சம்பந்தமில்லை. அதற்குப் பதில் தந்தே ஆக வேண்டியிருந்தது.

பின்சேர்க்கை 2: மாநில அரசில் இருக்கும் ஒரு வாசகர், நான்கு மாதம் தங்களுக்கும் உண்டா என்று கேட்டார். மாநில அறிக்கை அரசமைப்பின் 151(2)-ஆம் கூறுப்படி ஆளுநர் வழியாகச் சட்டமன்றத்துக்குப் போகிறது. அங்கே விசாரிப்பது சட்டமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு. கெடுவும் படிவமும் அந்தந்த மாநில நிதித்துறையும் குழுவும் வகுத்தவை. உங்கள் நிதித்துறையின் சுற்றறிக்கையை வாங்கிப் பாருங்கள். படி 2, 3, 4 எங்கும் ஒன்றுதான்.